யாருக்கும் தெரியாமல் போடும் தைராய்டு மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா, தைராய்டு மாத்திரை போட்டால் உடம்பு இளைக்குமாமே, உண்மையா?

இளைக்கும். இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை. பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் பிறந்து, ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கோயில் திருவிழாவில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். அதனால் இதற்கும் இதைத் தொடர்ந்து வரும் மற்றக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இளைப்பது எது என்பதைப் பார்க்க வேண்டும். கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாமல் தவிப்பதும், மாடிப்படி ஏறும்போது தொடை நடுங்குவதும் அதனால்தான். மாத்திரையை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பேட்டில், உடல் பருமனுக்கோ எடை குறைப்புக்கோ பயன்படுத்தக் கூடாது என்று கட்டம் போட்டு அச்சிட வேண்டும் என்பது விதி.

டாக்டர் எங்கள் அம்மாவுக்குத் தினமும் கொடுக்கும் மாத்திரைதானே? அது எப்படிக் கெடுதல் செய்யும்?

உங்கள் அம்மாவின் சுரப்பி போதிய அளவு சுரக்கவில்லை; மாத்திரை அந்தக் குறையை நிரப்புகிறது. அதன் பெயர் லெவோதைராக்சின். நம் சுரப்பி செய்யும் டி4 ஹார்மோனும் அதுவும் ஒன்றேதான். சுரப்பி அறவே இல்லாத ஒருவருக்கே உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் போதும். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்க நினைப்பவர்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். சிறிய அளவில் எடை அசையாது என்பதுதான் காரணம். எடை அசையும் அளவுக்குப் போகும்போது இதயமும் சேர்ந்து அசைகிறது.

படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, அடிக்கடி மலம் கழித்தல், மாதவிடாய் தவறுதல் ஆகியவை முதலில் வரும். இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடினால் உள்ளே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். ஆண்களுக்கு, அதிலும் ஆசிய இளைஞர்களுக்கு, இன்னொரு ஆபத்தும் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென்று இறங்கி, காலையில் எழும்போது கால்கள் அசையாமல் கிடப்பார்கள். இரவு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுப் படுத்த பிறகு இது வருவதுண்டு. மாத்திரை போட்டவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது.

மாத்திரை போட்டால் நம் தைராய்டு இன்னும் வேகமாக வேலை செய்யும், அப்படித்தானே?

நேர் எதிர். உடம்பு வேகமாக ஓடுகிறது, சுரப்பியோ தூங்கப் போய்விடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. கூடினால் அதை அடக்கிவிடுகிறது. வாய் வழியே டி4 வந்து குவியும்போது, அது எங்கிருந்து வந்தது என்று பிட்யூட்டரிக்குத் தெரியாது. டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூச்சியமாகிறது. ஏவுவாரில்லாத தைராய்டு, ரத்தத்திலிருந்து அயோடினை இழுப்பதையும் ஹார்மோன் செய்வதையும் விட்டுவிடுகிறது. நாளடைவில் சுருங்கவும் செய்கிறது.

ரத்தத்தில் டி4 கூடி, டி.எஸ்.எச். இறங்கியிருந்தால் அது தைராய்டு நோய்தான். மாத்திரை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்தில் ஹார்மோன் கூடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. சுரப்பி தன் போக்கில் அதிகமாகச் செய்து தள்ளலாம். கிரேவ்ஸ் நோய் அப்படிப்பட்டது. சுரப்பி வீங்கிச் சேதமடைந்து, ஏற்கெனவே செய்து சேமித்து வைத்ததைக் கசியவிடலாம். இது தைராய்டு அழற்சி, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு வருவதும் இந்த வகை. மூன்றாவது, ஹார்மோன் வெளியிலிருந்து வரலாம். மூன்றிலும் டி4 கூடும், டி.எஸ்.எச். இறங்கும், நெஞ்சு ஒரே மாதிரி அடித்துக்கொள்ளும்.

கழுத்தையும் கண்ணையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். கிரேவ்ஸ் நோயில் பெரும்பாலும் கழுத்து வீங்கியிருக்கும், சிலருக்குக் கண் பிதுங்கியிருக்கும். மாத்திரை போட்டவருக்குக் கழுத்தில் ஒன்றும் தட்டுப்படாது, கண் பிதுங்காது. ஆனால் கிரேவ்ஸ் நோயாளிகள் சிலருக்கும் இவை இருப்பதில்லை. ஊகத்தை உறுதியாக்கத்தான் தைரோகுளோபுலினும் ஸ்கேனும் வருகின்றன.

தைரோகுளோபுலின் என்றால் என்ன? அதுவும் ஒரு ஹார்மோனா?

ஹார்மோன் இல்லை, ஒரு பெரிய புரதம். தைராய்டு சுரப்பியின் செல்கள் மட்டுமே அதைச் செய்கின்றன. ஹார்மோன் அந்தப் புரதத்தின் மேல்தான் உருவாகிறது, அதிலேயே ஒட்டிக்கொண்டு சேமிக்கப்படுகிறது. சுரப்பி ஹார்மோனை ரத்தத்தில் விடும்போதெல்லாம் கொஞ்சம் தைரோகுளோபுலினும் கூடவே கசியும். ஆகவே நல்ல உடம்பிலும் அது சிறிதளவு இருக்கும். கிரேவ்ஸ் நோயில் சுரப்பி மும்முரமாக வேலை செய்வதால் கூடும். அழற்சியில் சுரப்பி உடைந்து ஒழுகுவதால் கூடும்.

மாத்திரைக்குள் ஹார்மோன் இருக்கிறது, தைரோகுளோபுலின் இல்லை. சுரப்பியும் தூங்குகிறது. அதனால் ரத்தத்தில் ஹார்மோன் மலைபோல் குவிந்திருக்க, தைரோகுளோபுலின் மட்டும் அளவிட முடியாத அளவுக்குக் கீழே கிடக்கும். அடுப்பு குளிர்ந்து கிடக்க, மேசையில் மட்டும் சுடுசோறு இருந்தால், சோறு வெளியிலிருந்து வந்தது என்றுதானே நினைப்போம்? 1982இல் இத்தாலிய மருத்துவர்கள் இந்தத் தடயத்தை வெளியிட்டார்கள். தைராய்டு மாத்திரையை ரகசியமாகப் போட்டவர்களைக் கண்டறிய அன்றிலிருந்து இந்தப் பரிசோதனை பயன்படுகிறது.

ஸ்கேனில் என்ன பார்க்கிறார்கள்? மாத்திரை படத்தில் தெரியுமா?

மாத்திரை தெரியாது. சுரப்பி விழித்திருக்கிறதா என்பதுதான் தெரியும். இது வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரி இல்லை. டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருளைச் சிறிதளவு கை நரம்பில் ஏற்றி, சுமார் இருபது நிமிடம் கழித்துக் கழுத்தைப் படம் எடுப்பார்கள். வேலை செய்யும் தைராய்டு அதை அயோடின் என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி வடிவில் படம் விழும். சில இடங்களில் கதிர்வீச்சு அயோடினை விழுங்கக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கணக்கிடுவார்கள். சாதாரணமாக அது 10 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். கிரேவ்ஸ் நோயில் அதைத் தாண்டி வெகுவாக உயரலாம். மாத்திரை போட்டவருக்குப் பெரும்பாலும் ஒரு விழுக்காடு கூடத் தேறாது.

டெக்னீசியம் படத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தாடைக்கு அருகில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அந்தப் பொருளை இழுக்கும். அவை பளிச்சென்று ஒளிர, தைராய்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் இருண்டிருக்கும். மருந்து சரியாக ஏறியிருக்கிறது, கருவியிலும் கோளாறில்லை, சுரப்பிதான் வாங்க மறுக்கிறது என்பதற்கு அந்த ஒளியே சாட்சி.

கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் செய்ய மாட்டார்கள். பாலூட்டுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். கிரேவ்ஸ் நோயில் ரத்தம் பொங்கி ஓடும். தூங்கும் சுரப்பியில் அது மந்தமாக இருக்கும்.

ஸ்கேனில் இருட்டு என்றாலே போதாதா? தைரோகுளோபுலின் வேறு எதற்கு?

போதாது. அழற்சி வந்த சுரப்பியும் ஸ்கேனில் இருட்டாகத்தான் தெரியும், ஏனென்றால் அதுவும் புதிதாக எதையும் செய்வதில்லை. சில வாரங்களுக்குள் சாயம் ஏற்றிச் சி.டி. ஸ்கேன் எடுத்தவருக்கும் இருட்டாகலாம். அந்தச் சாயத்தில் உள்ள அயோடினே சுரப்பியை நிரப்பிவிடுகிறது.

ஆகவே ஸ்கேன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: சுரப்பி இப்போது செய்துகொண்டிருக்கிறதா? தைரோகுளோபுலின் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் இந்தச் சுரப்பியிலிருந்து வந்ததா? படம் இருட்டு, தைரோகுளோபுலின் அதிகம் என்றால் அழற்சி. படம் இருட்டு, தைரோகுளோபுலினும் இல்லை என்றால் ஹார்மோன் வாய் வழியே வந்தது. ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

நம் பக்கத்தில் யாராவது இப்படி மாட்டியிருக்கிறார்களா?

மாட்டினார் என்று சொல்லப் பிடிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், ஆளைச் சொல்ல மாட்டேன். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண். நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. நான்கு மாதத்தில் 74 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்தார். எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு வேலையில் கை நடுங்கிச் சின்னப் பாகங்களைப் பொருத்த முடியவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 118. ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே, அது 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். டி4 அளவு 52; அங்கே உச்ச வரம்பு 22. தைராய்டு அதிகம் என்று கார்பிமசோல் கொடுத்தார்கள்.

ஆறு வாரம் கழித்தும் டி4 இம்மியும் இறங்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் இல்லை. கார்பிமசோல் செய்யும் வேலை, சுரப்பி ஹார்மோன் செய்வதைத் தடுப்பது. தூங்கும் சுரப்பியைத் தடுத்து என்ன ஆகப்போகிறது? நிபுணர் முதலில் சந்தேகப்பட்டது இந்த இடத்தில்தான். கிரேவ்ஸ் நோய்க்கான எதிர்ப்பொருள் இல்லை. கழுத்தில் வீக்கம் இல்லை. தைரோகுளோபுலின் 0.2க்கும் கீழே. பினாங்கில் எடுத்த டெக்னீசியம் ஸ்கேனில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஒளிர்ந்தன, கழுத்து வெறுமையாக இருந்தது.

கூட வந்த அத்தைதான் முடிச்சு அவிழக் காரணம். அவருக்கு முன்பே தைராய்டை எடுத்துவிட்டிருந்தார்கள். 100 மைக்ரோகிராம் மாத்திரை போடுபவர். “எனக்கும் ரொம்பக் களைப்பாக இருக்கிறது டாக்டர், மாத்திரை மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது” என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் ரத்தத்தைப் பார்த்தால் டி.எஸ்.எச். 28. ஒரே வீட்டில் ஒருவருக்குப் பூச்சியம், இன்னொருவருக்கு 28. டாக்டர் அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினார். முதலில் அத்தையின் டப்பாவிலிருந்து ஒன்று, பிறகு இரண்டு. டப்பா காலியானதும் புலனத்தில் விற்பவர் ஒருவரிடம் வாங்கி நாளுக்கு நான்கு.

இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்தில் தெரியாதுதானே?

டி4 உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அது இறங்கிய பிறகும் பிட்யூட்டரி உடனே எழுந்துகொள்வதில்லை. டி.எஸ்.எச். பல வாரங்கள் கீழேயே கிடக்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு, நிறுத்திய இரண்டாவது வாரத்தில் டி4 அளவு 24க்கு வந்தது. ஆறாவது வாரத்தில் 13, ஆனால் டி.எஸ்.எச். அப்போதும் 0.2தான். இப்படி எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தானாக வழிந்து இறங்குவதே டாக்டருக்கு ஒரு தடயம். மறைக்கப் பார்த்தால் தேவையில்லாத மருந்தும், நடக்கக் கூடாத அறுவை சிகிச்சையும்தான் மிஞ்சும். இல்லாத நோய்க்காகத் தைராய்டை இழந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கிறார்கள்.

நிறுத்தினால் மட்டும் போதுமா, மாற்று மருந்து உண்டா?

பெரும்பாலும் நிறுத்துவதுதான் மருந்து. படபடப்பு அடங்கும் வரை புரோப்ரானோலோல் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது ஆகாது. கைப்பிடி மாத்திரைகளை ஒரேயடியாக விழுங்கியிருந்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், புத்தித் தடுமாற்றம், கால் அசையாமை இருந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தூங்கிய சுரப்பி எழும் வரை சில வாரங்கள் களைப்பும் குளிரும் எடை ஏற்றமும் இருக்கலாம். மீண்டும் மாத்திரையைத் தொடத் தூண்டுவது அந்த நாட்கள்தான். கூலிம் பெண்ணுக்கு மூன்றாவது மாதம் டி.எஸ்.எச். சரியானது, எடையில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

நான் தைராய்டு மாத்திரை எதுவும் போடவில்லை, மூலிகைக் கேப்சூல்தான். அதில் எப்படி?

மூலிகை என்று ஒட்டியிருப்பதற்குள் என்ன இருக்கிறது என்று ஒட்டியவருக்குத்தான் தெரியும். பதிவு பெற்ற மருந்துகளில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணையே திருடி அச்சடிப்பவர்கள் உண்டு. டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

அறியாமல் உள்ளே போவது புதிதும் இல்லை. 1984, 85இல் அமெரிக்காவின் மினசோட்டா வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே நோய் வந்தது. மாட்டின் கழுத்துப் பகுதியைச் சீவும்போது தைராய்டும் சேர்ந்து கொத்துக்கறியில் கலந்துவிட்டிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாருடைய சுரப்பியும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பரிசோதனை சொல்வது “ஹார்மோன் வெளியிலிருந்து வந்தது” என்பதை மட்டும்தான். தெரிந்து போட்டாரா என்பது அதில் எழுதியிருக்காது.

முடி கொட்டுவதற்குப் பயோட்டின் சாப்பிடுகிறேன். என் ரிப்போர்ட்டும் இப்படியே வந்திருக்கிறது. நான் எதையும் திருட்டுத்தனமாகப் போடவில்லை!

நம்புகிறேன். என் வேலைக்காலத்தில் எனக்குப் பிடித்த சிக்கல் இது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே ஒரு பசைபோல் பயன்படுத்தி அளவிடுகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கணக்குத் தவறுகிறது: டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும், தைரோகுளோபுலினும் பொய்யாகக் குறையும். காகிதத்தில் பார்த்தால் மாத்திரை விழுங்கியவரின் ரத்தம் மாதிரியே இருக்கும். ஆனால் ஆள் நிம்மதியாக இருப்பார், நாடி எழுபதில் ஓடும்.

ஸ்கேன் இங்கே காப்பாற்றுகிறது. சுரப்பி நன்றாக இருப்பதால் படம் சாதாரணமாக விழும். அதற்கும் முன்பு செய்ய வேண்டியது எளிது: டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பயோட்டினை நிறுத்தி, இரண்டு மூன்று நாட்கள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள்.

என் டி4 குறைவாக இருக்கிறது, டி.எஸ்.எச்.சும் குறைவு. அப்படியானால் மாத்திரைக்குப் பழியில்லைதானே?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. டி4 தவிர டி3 என்ற தைராய்டு ஹார்மோனும் உண்டு. உடற்பயிற்சிக்கூடங்களில் கைமாறுவது சில சமயம் டி3 மாத்திரை, அதாவது லியோதைரோனின். அதைப் போட்டால் டி3 ஏறும். தூங்கும் சுரப்பி டி4 செய்யாததால் டி4 இறங்கும். டி3 அளவையும் கேட்டு வாங்கிப் பார்க்காவிட்டால் பிட்யூட்டரியில் கோளாறு என்று தவறாக நினைக்க இடமுண்டு. தைரோகுளோபுலினும் ஸ்கேனும் இங்கும் முன்பு சொன்னபடியே இருக்கும். டி3 ஓரிரு நாளில் கரைவதால் நிறுத்தியதும் சீக்கிரம் மறைந்துவிடும், அதனால் ரத்தம் எடுக்கும் நாள் முக்கியம்.

தைரோகுளோபுலின் குறைவு என்றால் கட்டாயம் மாத்திரைதானா? தப்பே வராதா?

வரும். சிலருடைய ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். பரவலாகப் புழங்கும் பரிசோதனை முறையில் அது அளவை மறைத்து, இல்லாததுபோல் காட்டிவிடும். அதனால் தைரோகுளோபுலின் அளக்கும்போதெல்லாம் அந்த எதிர்ப்பொருளையும் சேர்த்து அளக்க வேண்டும். அது இருந்தால் குறைந்த எண்ணை நம்பக் கூடாது. மறுபக்கமும் உண்டு. கழுத்தில் கட்டியோ வீக்கமோ ஏற்கெனவே உள்ளவர் மாத்திரை போட்டால் தைரோகுளோபுலின் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காமல் போகலாம்.

சுரப்பியையே எடுத்துவிட்ட என் மாமியார் கூடுதலாகப் போடுகிறாரோ என்று சந்தேகம். இந்த இரண்டு பரிசோதனைகளும் உதவுமா?

உதவாது. சுரப்பி இல்லாதவருக்கு ஸ்கேன் எப்போதும் இருட்டுத்தான், தைரோகுளோபுலினும் இருக்கக் கூடாது. மாத்திரையின் அளவு சரியாக இருந்தாலும் அப்படித்தான், மிஞ்சிப் போனாலும் அப்படித்தான். அவரிடம் டி.எஸ்.எச்., டி4, மருந்து வாங்கிய தேதி, டப்பாவில் மீதமுள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கு, மிச்சமிருக்கும் செல்கள் தூண்டப்படாமல் இருக்க, டி.எஸ்.எச். கீழேயே இருக்கும்படி டாக்டரே வேண்டுமென்று அளவைக் கூட்டி வைத்திருப்பார். அவருடைய சிகிச்சை அட்டையில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.